ஸ்பான்சர் பணம் குறைந்தால் கல்ச்சுரல்ஸ் பட்ஜெட்டை எப்படித் திருத்துவது?

கல்லூரி மாணவர் மன்றத்தில் நான் பொருளாளராக இருந்த ஆண்டு, இரண்டு நாள் கல்ச்சுரல்ஸுக்கு ஒன்பது லட்ச ரூபாய் பட்ஜெட் போட்டிருந்தோம். அதில் ஐந்து லட்சம் ஸ்பான்சர்களிடமிருந்து வரும் என்று எழுதியிருந்தோம். நிகழ்ச்சிக்கு 26 நாள் இருக்கும்போது கணக்கைத் திறந்து பார்த்தேன். வங்கியில் ஏறியிருந்த ஸ்பான்சர் பணம் 1,20,000 ரூபாய்தான்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத பல விஷயங்களை அடுத்த சில நாட்களில் கற்றுக்கொண்டேன். பிறகு வந்த ஜூனியர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். இதே நிலையில் நிற்கும் பொருளாளருக்காக, அந்த ஆண்டுக் கணக்கையே வைத்து வரிசையாக எழுதுகிறேன். எண்களை எளிமைக்காக முழு ஆயிரங்களாக்கியிருக்கிறேன்.

## முதல் வேலை: புதிதாக யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்

பணம் குறைகிறது என்று தெரிந்த அன்றே எல்லாக் குழுத் தலைவர்களுக்கும் ஒரு செய்தி போக வேண்டும். மறுகணக்கு முடியும்வரை டி-ஷர்ட், ஷீல்டு, பேனர் எதற்கும் ஆர்டர் கொடுக்கக் கூடாது, யாருக்கும் அட்வான்ஸ் தரக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் இதை நீட்டவும் கூடாது. நீட்டினால் ஆளாளுக்குக் கைக்காசைப் போட்டு ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு பில்லோடு வந்து நிற்பார்கள்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியும். நாங்கள் கணக்குப் பார்க்க உட்கார்ந்த அதே மாலை அலங்காரக் குழு ஒரு கடையில் 8,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியிருந்தது. போன் போட்டுத்தான் நிறுத்தினோம்.

## வரவை மூன்றாகப் பிரியுங்கள்

ஸ்பான்சர் பட்டியலில் பொதுவாக ஒரே ஒரு தொகைதான் இருக்கும். அதுதான் கோளாறு. பணத்தை மூன்று இடங்களில் தனித்தனியாக எழுத வேண்டும்: வங்கியில் ஏறியது, எழுத்தில் உறுதியானது, வாயால் சொன்னது.

எங்கள் ஐந்து லட்சத்தை அப்படிப் பிரித்தபோது வங்கியில் 1,20,000 இருந்தது. எழுத்தில் 1,00,000: ஒரு வங்கிக் கிளை 60,000, ஒரு பயிற்சி மையம் 40,000. வாயால் சொன்னது 1,10,000. மீதி 1,70,000 யாருமே சொல்லாத பணம், நாங்கள் ஆசையில் எழுதிக்கொண்டது.

வாயால் சொன்னதும் எழுத்தில் வந்ததும் எப்படி வேறுபடுகின்றன என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. உண்மையிலேயே பணம் தரப்போகும் நிறுவனம் உங்களிடம் கேள்வி கேட்கும். கல்லூரியின் பான் எண் என்ன, ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா, ரத்து செய்த காசோலை ஒன்று அனுப்புங்கள், இன்வாய்ஸ் யார் பெயரில் வரும் என்றெல்லாம் கேட்பார்கள். கொஞ்சம் பெரிய நிறுவனமாக இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புவார்கள், உங்களை வெண்டராகப் பதிவு செய்வார்கள். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். “கண்டிப்பா பண்ணலாம் தம்பி, நிகழ்ச்சிக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க” என்று மட்டும் சொல்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். அவர் சொன்ன தொகையை பட்ஜெட்டில் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பாதி எழுதலாமே என்று தோன்றும். வாய்ச்சொல்லில் பாதி என்று எதுவும் கிடையாது. அவர் தருவார், அல்லது தரமாட்டார்.

எழுத்தில் வந்த தொகையிலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எப்போது வரும்? பலர் நிகழ்ச்சி முடிந்து, பேனர் வைத்த புகைப்படங்களை அனுப்பிய பிறகுதான் தருவார்கள். இரண்டு, எவ்வளவு வரும்? சில நிறுவனங்கள் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அதனால் இன்வாய்ஸ் போடும்போதே கல்லூரி அக்கவுண்ட்ஸ் அலுவலகத்தை இழுத்துக்கொள்ளுங்கள். மாணவர் மன்றத்தின் பெயரில் நீங்களே ஒரு ரசீது அடித்துக் கொடுப்பதும், ஒரு மாணவரின் சொந்தக் கணக்குக்கு ஸ்பான்சர் பணம் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். பணம் சரியாகவே செலவானாலும் பின்னால் அந்த மாணவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பொருளாகத் தருபவர்களும் வருவார்கள். அதற்கு ஒரே கேள்விதான்: இது நம் செலவுப் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு வரியைக் குறைக்கிறதா? ஒரு பேக்கரி இரு நாளும் தன்னார்வலர்களுக்கு மாலைச் சிற்றுண்டி தந்தால் சாப்பாட்டுச் செலவு குறையும். அந்தக் குறைவை எழுதிக்கொள்ளலாம். ஒரு அழகு நிலையம் 40,000 ரூபாய் மதிப்புள்ள தள்ளுபடிக் கூப்பன் தந்தால் நம் எந்தச் செலவும் குறையாது. அதன் மதிப்பு பட்ஜெட்டில் பூஜ்யம்.

ஸ்பான்சர் தவிர்ந்த வரவுகளையும் இதே கையோடு திருத்துங்கள். எங்கள் பழைய கணக்கில் கல்லூரி நிர்வாகம் 2,00,000, பதிவுக் கட்டணம் 1,20,000, ஸ்டால் வாடகை 80,000 என்று இருந்தது. கல்லூரிப் பணம் ஒப்புதல் ஆகியிருந்தது, அதில் மாற்றமில்லை. முந்தைய ஆண்டு ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 600 பேர் பதிவு செய்திருந்தார்கள். இந்த முறை அதே வாரத்தில் பக்கத்துக் கல்லூரி ஒன்றும் விழா வைத்திருந்ததால் 450 பேர் என்று குறைத்தோம். அது 90,000. எட்டு ஸ்டாலில் ஐந்துக்குத்தான் பணம் வந்திருந்தது. அது 50,000.

ஆக, நம்பக்கூடிய மொத்த வரவு 5,60,000. துண்டு விழுவது 3,40,000.

## எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காதீர்கள்

ஒன்பது லட்சத்தில் 3,40,000 என்பது ஏறத்தாழ 38 சதவீதம். கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, “ஒவ்வொரு குழுவும் 38 சதவீதம் குறைச்சுக்கணும்” என்பதுதான். கேட்க நியாயமாக இருக்கும், யாருக்கும் மனஸ்தாபம் வராது. ஆனால் அது நடக்காது. இசைக்குழு தன் சம்பளத்தில் 62 சதவீதத்துக்கு வந்து பாடாது. நடுவர்களில் 38 சதவீதம் பேரைக் குறைத்தால் போட்டி நடக்காது. பரிசுத் தொகையைச் சுற்றறிக்கையில் அச்சடித்து மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்பிய பிறகு அதைத் தொடவே முடியாது. கடைசியில் எங்கே எளிதாகக் குறைக்க முடியுமோ அங்கே மட்டும், அதாவது சாப்பாட்டிலும் சான்றிதழிலும் மட்டும் வெட்டு விழும். துண்டு அப்படியே நிற்கும்.

அதற்குப் பதிலாக செலவுப் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேருங்கள். அதன் தலைப்பு: இன்றைக்கு ரத்து செய்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? ஒவ்வொரு செலவுக்கும் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, அது திரும்ப வருமா, எந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் இன்னும் அதிகம் போகும் என்று ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால் அன்றைக்கே போன் செய்து கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களுக்கே ஒரு மெயிலாக அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பத்தியை நிரப்பிய பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. இரண்டாம் நாள் இரவு இசைக்குழுவுக்கு 2,50,000, அவர்கள் பயணம், தங்குமிடம், உபசரிப்புக்கு 40,000 என்று 2,90,000 வைத்திருந்தோம். 50,000 அட்வான்ஸ் போயிருந்தது. நிகழ்ச்சிக்கு 20 நாள் முன்புவரை ரத்து செய்தால் அந்த அட்வான்ஸ் மட்டும் போகும் என்றும், 20 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால் பேசிய சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாக வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. அதாவது அன்று ரத்து செய்தால் மிச்சம் 2,40,000. ஒரு வாரம் “பார்க்கலாம், பணம் வந்துரும்” என்று காத்திருந்து ரத்து செய்தால் மிச்சம் 1,65,000. காத்திருப்பதன் விலை 75,000 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் கூட்டத்தில் பேச்சு முன்னால் நகர்ந்தது.

## பெரிய செலவை எடுத்தால் அதன் வால்களும் போகும்

இசை நிகழ்ச்சியை எடுப்பதில் யாருக்கும் விருப்பமில்லை. எனக்கும் இல்லை. அந்த இரவுக்காகத்தான் முதலாண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் பட்ஜெட்டில் அந்த 2,90,000 தனியாக நிற்கவில்லை. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து செலவுகள் அதற்காகவே வளர்ந்திருந்தன.

வெளி இசைக்குழு வந்தால் அவர்களோடு ஒரு டெக்னிக்கல் ரைடரும் வரும். எந்த வகை மிக்ஸர், எத்தனை மானிட்டர் ஸ்பீக்கர், டிரம்ஸுக்கு எவ்வளவு உயர மேடை என்று எல்லாம் அதில் இருக்கும். இரண்டாயிரத்துக்கும் மேல் கூட்டம் வரும் என்பதால் மைதானம் வேண்டும். மைதானம் என்றால் தூரத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும் லைன் அரே சவுண்ட், பெரிய மேடை, பெரிய எல்இடி திரை, வாடகை ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது சட்டம். அதனால் நிகழ்ச்சி தாமதமானால் பாடாமலே சம்பளம் கொடுக்கும் நிலையும் வரலாம்.

இசைக்குழுவை எடுத்தோம். விழா முழுவதும் கல்லூரியின் 900 இருக்கை அரங்கத்துக்குள் வந்தது. சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் போய் நிலைமையை மறைக்காமல் சொன்னோம். “மைதானம் இல்லைன்னா லைன் அரே எதுக்குத் தம்பி? பக்கத்துக்கு ரெண்டு டாப் ஸ்பீக்கர், ரெண்டு பேஸ் ஸ்பீக்கர், ஆறு கார்ட்லெஸ் மைக் போதும்” என்று அவரே குறைத்துக் கொடுத்தார். ரைடருக்காகச் சேர்த்திருந்த லைட்டுகளில் பாதி போயின. 1,80,000 ஆக இருந்தது 1,05,000 ஆனது. நாங்கள் கொடுத்திருந்த 40,000 அட்வான்ஸ் அதிலேயே கழிந்தது. மேடை, பந்தல், நாற்காலிக்கு 90,000 வைத்திருந்தது, ஸ்டால்களுக்கு மட்டும் பந்தல் என்று ஆகி 35,000க்கு வந்தது. ஜெனரேட்டர் 30,000 என்பது, கல்லூரி ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் என்று 10,000 ஆனது.

எல்லாம் சேர்த்து 3,90,000 குறைந்தது. இசைக்குழு போன இடத்தில் முன்னாள் மாணவர்களின் இசைக்குழு, கல்லூரி நடனக் குழு, ஒரு மணி நேர டிஜே என்று மாற்று நிகழ்ச்சிக்கு 35,000 ஒதுக்கினோம். நிகரக் குறைவு 3,55,000. நமக்குத் தேவைப்பட்டது 3,40,000.

கொட்டேஷன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பேச்சில் சொல்லும் தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 1,05,000 என்பது வரி தனி என்றால், 18 சதவீதம் சேர்ந்து 1,23,900 ஆகிவிடும். கூடுதலாக ஏறத்தாழ பத்தொன்பதாயிரம் ரூபாய் ஆகிறது என்பது, பில் வரும் நாளில்தான் தெரியவரும்.

அரங்கத்துக்கு மாறுவதில் ஓர் எல்லையும் இருக்கிறது. 900 இருக்கையில் 900 பேர்தான். வெளிக்கல்லூரிப் போட்டியாளர்களுக்கு முதலில் பாஸ், மிச்சத்தைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் கதவருகே தள்ளுமுள்ளு ஆகும். எங்கள் கணக்கு இன்னொரு காரணத்தாலும் எளிதாக இருந்தது. இசை இரவுக்கு நாங்கள் டிக்கெட் விற்கவில்லை, போஸ்டரும் வெளியாகவில்லை. உங்கள் கல்லூரியில் இசைக்குழு பெயரைப் போட்டு பாஸ் விற்றிருந்தால் அந்த வரவையும் கழித்து, பணத்தைத் திருப்பித் தரும் செலவையும் சேர்த்துத்தான் மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். சில நேரம் அப்படிப் பார்த்தால் ரத்து செய்வதே நஷ்டம் என்று வரும். அப்போது வேறு பெரிய செலவைத்தான் தேட வேண்டும்.

ரத்து செய்யும் முன் குழுவின் மேனேஜரிடம் ஒருமுறை கேளுங்கள்: அட்வான்ஸை அடுத்த ஆண்டு வேறொரு தேதிக்கு மாற்றிக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

## தொடக் கூடாதவை

பரிசுத் தொகை 1,00,000. சுற்றறிக்கை போய்விட்டதால் இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பரிசைக் குறைப்பதென்றால் பதிவு தொடங்கும் முன், போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் செய்ய வேண்டும். மேடையில் 15,000 என்று அறிவித்துவிட்டு மாதக்கணக்கில் தராமல் இழுத்த கல்லூரிகளின் பெயர் போட்டியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எப்படிச் சுற்றும் என்று குழு நடனம் ஆடிய எவரையும் கேட்டால் சொல்வார்கள். அடுத்த ஆண்டு நல்ல அணிகள் வராது.

ஏற்கெனவே பணம் கட்டிய ஸ்பான்சருக்குக் கொடுத்த வாக்கும் அப்படித்தான். எல்இடி திரையை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் 1,20,000 கொடுத்த இருவருக்கும் திரையில் விளம்பரம் ஓடும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். திரை இல்லையென்றால் அவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் பெரிய திரையைச் சின்னதாக்கி வைத்துக்கொண்டோம். மைதானம் அரங்கமாக மாறியதையும், இசைக்குழு வராததையும் அவர்களுக்கு நாங்களே போய்ச் சொன்னோம். ஒருவருக்கு வருத்தம்தான். வளாகத்தின் நுழைவாயிலில் அவர் கடைக்கு ஒரு ஸ்டால் இடம் இலவசமாகக் கொடுத்து ஈடு செய்தோம். ஈடாகச் சாலையோரம் பேனர் வைத்துத் தருகிறேன் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொது இடத்தில் பேனர் வைக்க முறையான அனுமதி வேண்டும், கடைசி நேரத்தில் அது கிடைக்காது. வளாகத்துக்குள் என்ன தர முடியுமோ அதைத் தாருங்கள்.

தன்னார்வலர்களின் சாப்பாடு மூன்றாவது. காலை ஆறு மணிக்கு வந்து இரவு பதினோரு மணிக்குப் போகும் 120 பேர். அவர்கள் மதியம் வெளியே சாப்பிடப் போனால் இரண்டு மணி நேரம் பதிவு மேசையில் ஆளே இருக்காது. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டோக்கன் முறை வையுங்கள். கேட்டரிங்காரர் இலைக் கணக்கில் பில் போடுவார். டோக்கன் இல்லாவிட்டால் யார் எத்தனை முறை சாப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரியாது, அவர் சொல்வதே கணக்கு.

டி-ஷர்ட்டை மட்டும் எடுத்தோம். 120 பேருக்கு 30,000 என்று இருந்தது. வேண்டியவர்கள் ஆளுக்கு 250 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், வேண்டாதவர்களுக்கு அடையாள அட்டை போதும் என்றோம். சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை.

திருத்திய கணக்கு இப்படி நின்றது:

| செலவு | முதலில் | திருத்தியது |
|---|---|---|
| இசைக்குழு (இழந்த அட்வான்ஸ்) | 2,90,000 | 50,000 |
| மாற்று இரவு நிகழ்ச்சி | 0 | 35,000 |
| சவுண்ட், லைட், திரை | 1,80,000 | 1,05,000 |
| மேடை, பந்தல், நாற்காலி | 90,000 | 35,000 |
| ஜெனரேட்டர், டீசல் | 30,000 | 10,000 |
| பரிசுத் தொகை | 1,00,000 | 1,00,000 |
| ஷீல்டு, சான்றிதழ் | 35,000 | 35,000 |
| நடுவர்கள் | 40,000 | 40,000 |
| சாப்பாடு | 60,000 | 60,000 |
| டி-ஷர்ட் | 30,000 | 0 |
| அச்சு, பேனர் | 25,000 | 25,000 |
| அவசரத்துக்கு | 20,000 | 65,000 |
| மொத்தம் | 9,00,000 | 5,60,000 |

அவசரத் தொகை ஏறியிருப்பதைக் கவனியுங்கள். மிச்சமான பணத்தில் இசைக்குழு இடத்தை நிரப்ப இன்னொரு சின்ன நட்சத்திரத்தைக் கூப்பிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் பிடிவாதமாக மறுத்தேன். முதல் பட்ஜெட்டில் ஒன்பது லட்சத்துக்கு 20,000 மட்டும் அவசரத்துக்கு வைத்ததே தவறு. வரவு குறைந்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இருக்க வேண்டும்.

## மொத்தம் சரியாக இருந்தாலும் தேதி இடிக்கும்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். வரவும் செலவும் 5,60,000 என்று சமமாகிவிட்டது, நிம்மதி என்று எழுந்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நாள் மாலையில் கையில் எவ்வளவு இருக்கும் என்று தனியாக ஒரு கணக்குப் போடுங்கள்.

எங்கள் கல்லூரி 2,00,000 ரூபாயில் பாதியை முன்னால் கொடுத்து, மீதியை பில் சமர்ப்பித்த பிறகே விடுவிக்கும். பயிற்சி மையம் 40,000 ரூபாயில் 20,000 ரூபாயை நிகழ்ச்சிக்குப் பிறகு தரும். ஆக 1,20,000 விழா முடிந்துதான் வரும். நிகழ்ச்சி நாள்வரை கைக்கு வருவது 4,40,000. அவசரத் தொகையை விட்டுவிட்டு மற்றச் செலவு 4,95,000. அதாவது கணக்குப்படி பணம் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு 55,000 குறைகிறது. தாளில் இருந்த 65,000 அவசரத் தொகை அன்று கையில் இல்லவே இல்லை.

யாருக்கு அன்றே கொடுத்தாக வேண்டும், யார் பொறுப்பார்கள் என்று பிரியுங்கள். நடுவர், கேட்டரிங், டீசல், பரிசு ஆகியவற்றுக்கு அன்றே பணம் வேண்டும். சவுண்ட் சர்வீஸ், பந்தல்காரர் போன்று கல்லூரியோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்கள் பொறுப்பார்கள். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும். விழா இரவில் பொருளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது “அண்ணா, பாக்கி அடுத்த வாரம்” என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும், அதில் நியாயமும் இருக்கிறது. நாங்கள் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒர்க் ஆர்டர் போட்டு, சவுண்ட் பாக்கி 65,000, பந்தல் பாக்கி 15,000 இரண்டும் 15 நாளில் காசோலையாக வரும் என்று எழுதிக் கொடுத்தோம். அப்போது அன்றைய தேவை 4,15,000 ஆனது. கையில் 25,000 நின்றது.

அந்த 4,40,000 ரூபாய்க்குள் வங்கிக் கிளையின் 60,000 இருக்கிறதே, அது தாமதமானால்? அதற்காக முதல்வரைப் பார்த்து, கல்லூரிப் பங்கில் இன்னும் 50,000 முன்பணமாகக் கேட்டோம். திருத்திய பட்டியலைக் கையில் கொண்டுபோனதால் உடனே கையெழுத்துப் போட்டார். “என்னென்ன குறைச்சிருக்கீங்க?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

## மீதி நாட்களில் எப்படிப் பணம் கேட்பது

பட்ஜெட்டைத் திருத்திய பிறகும் ஸ்பான்சர் குழு சும்மா இருக்கக் கூடாது. ஆனால் கேட்கும் முறை மாற வேண்டும். மூன்று வாரத்தில் புதிய பெரிய நிறுவனம் எதுவும் பணம் அனுப்பாது, அவர்கள் நடைமுறைக்கே நேரம் போதாது. எங்களைப் போல் பிப்ரவரி கடைசியில் விழா வைத்தால், நிதியாண்டு முடியும் நேரம் என்பதால் கிளை மேலாளரிடம் விளம்பரத்துக்கென்று இருந்த பணமும் தீர்ந்திருக்கலாம். இந்த நேரத்தில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைகளுக்குப் போங்கள்: ஜவுளிக்கடை, செல்போன் கடை, ஓட்டல், முன்னாள் மாணவர் நடத்தும் நிறுவனம். அவர் சரி என்றால் அன்றே பணம்.

தொகையையும் உடையுங்கள். வாயால் 50,000 சொல்லியிருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் மூன்று முறை அலைக்கழித்தார். நான்காவது முறை போனபோது, “சார், குழு நடனத்தோட முதல் பரிசை உங்க கடை பேர்ல கொடுக்கலாம். மேடையில நீங்களே வந்து கொடுங்க. 15,000 ரூபாய்” என்றோம். “இது முடியும் தம்பி. முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே?” என்றார். பணம் மறுநாள் கல்லூரிக் கணக்கில் ஏறியது. வாய்ச்சொல் 1,10,000 ரூபாயில் இப்படி 35,000 தேறியது.

இப்படி வரும் பணத்தை என்ன செய்வது என்றும் முன்பே எழுதி வையுங்கள். விழாவுக்கு பத்து நாள் முன்புவரை வந்தால் முதலில் மேடை லைட்டைக் கூட்டுவது, அடுத்து வெளியூர்ப் போட்டியாளர்களுக்கு மதியச் சாப்பாடு என்பது எங்கள் வரிசை. பத்து நாளுக்குள் வரும் பணம் அப்படியே அவசரத் தொகைக்குப் போகும், யாரும் கேட்கக் கூடாது. இந்தத் தேதி இல்லாவிட்டால் பணம் வந்த செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் நான்கு குழுக்களின் கோரிக்கை வரும். கடைசி வாரத்தில் வாங்கும் எதுவும் விலை கூடத்தான் இருக்கும்.

## விழா முடிந்த பின்

பில்களை அன்றன்றே ஒரு கோப்பில் சேர்த்திருந்தால் மூன்றே நாளில் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். கல்லூரியின் மீதிப் பணம் பில்லைப் பொறுத்தது என்பதால் இங்கே தாமதித்தால் பொறுத்திருந்தவர்களுக்குத்தான் தாமதம். ஸ்பான்சர்களுக்குப் புகைப்படங்களையும் அதே வாரம் அனுப்புங்கள்.

எங்களுக்கு 520 பேர் பதிவு செய்தார்கள். வங்கிக் கிளையின் 60,000 பயந்தபடியே விழாவுக்கு முன் வரவில்லை. நாற்பது நாள் கழித்து, வரி பிடித்தம் போக வந்தது. முதல்வர் கூடுதலாக விட்ட 50,000 ரூபாயால்தான் அந்த இரண்டு நாளும் நடுவர்களுக்குக் கவர் கொடுக்க முடிந்தது. சவுண்ட் அண்ணனின் காசோலையைப் பன்னிரண்டாம் நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஆண்டுப் பொருளாளரையும் கூட அழைத்துப் போயிருந்தேன்.